40 இலட்சம் காசாகப் போட்டேன், எங்கிருந்து வந்தது என்று வங்கி கடிதம் கேட்கிறது. எப்படி எழுதுவது?

வெள்ளவத்தைக்காரன்

வணக்கம். நேரே விஷயத்துக்கு வருகிறேன். கோண்டாவிலில் அம்மாவின் பெயரில் இருந்த 2 பரப்புக் காணியை ஆகஸ்ட் 6 இல் விற்றோம், விலை 48 இலட்சம். ஜூலையில் தந்த முற்பணம் 5 இலட்சத்தை அம்மா யாழ்ப்பாணத்திலேயே தன் வங்கிப் புத்தகத்தில் போட்டுவிட்டார். மிச்சம் 43 இலட்சம் உறுதி எழுதிய அன்று காசாகக் கைக்கு வந்தது. அதில் தரகருக்கு 96,000 போனது, ஆகஸ்ட் கடைசியில் நடந்த அம்மாவின் கண் ஒப்பரேஷனுக்கு 1,54,000 போனது. மீதியை நான் போய் எடுத்துக்கொண்டு வந்தேன். பிஸ்கட் தகரத்தில் எட்டுக் கட்டு, மேலே பத்துத் தாள், எல்லாம் ஐயாயிரம் ரூபாத் தாள். இரவு பஸ்ஸில் தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு கொழும்பு வரும்வரை கண் மூடவில்லை.

செப்டெம்பர் 11 இல் வெள்ளவத்தையில் என் கணக்கில் 40,50,000 போட்டேன். ஸ்லிப்பில் பணம் எங்கிருந்து வந்தது என்று ஒரு கட்டம் இருந்தது, பின்னால் வரிசை நீளம், அவசரத்தில் "சேமிப்பு" என்று எழுதிவிட்டேன். நேற்று கிளையிலிருந்து எடுத்து, பத்து நாளுக்குள் விளக்கக் கடிதமும் ஆவணங்களும் கொண்டு வரச் சொன்னார்கள். நான் எழுதியது இது:

"மதிப்புக்குரிய முகாமையாளர் அவர்களுக்கு, எனது கணக்கில் வைப்புச் செய்யப்பட்ட பணம் எமது குடும்பக் காணியை விற்றதால் கிடைத்த பணம் என்பதையும் அது முற்றிலும் நேர்மையான வழியில் வந்தது என்பதையும் தாழ்மையுடன் அறியத்தருகிறேன். தேவையான ஆவணங்கள் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன."

போதுமா? இந்தக் காசு ஒரு ஃபிளாட்டுக்கு முற்பணமாகக் கட்ட வேண்டியது, அதனால் பயமாக இருக்கிறது.

கொட்டாஞ்சேனை பொடியன்

மச்சான், ஒரேயடியாகப் போட்டதுதான் பிழை. பத்து இலட்சத்துக்கு மேலே போனால்தான் மத்திய வங்கிக்குச் சொல்ல வேண்டும் என்று சட்டம். ஒன்பது ஒன்பதாக, இரண்டு மூன்று கிளையில் போட்டிருந்தால் ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டார்கள். என் மாமா கடைக் காசை அப்படித்தான் போடுகிறார்.

பழைய கவுண்டர்

தம்பி கொட்டாஞ்சேனை, பத்து இலட்சம் என்ற கணக்கு சரி, அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவுதான் பிழை. நான் 27 வருடம் வங்கியில் இருந்தேன், கடைசி ஆறு வருடம் இந்த மாதிரிக் கடிதங்களைப் படிப்பதே வேலை. 2006 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்கச் சட்டப்படி பத்து இலட்சம் என்ற எல்லையைத் தாண்டும் காசு விபரம் மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்குத் தானாகவே போகும். காணி விற்றவர், கடைக்காரர், கலியாண மண்டபக்காரர் என்று எல்லாருடையதும் போகும். அது குற்றச்சாட்டு இல்லை. ஆனால் ஒருவர் ஒன்பது இலட்சத்தை ஐந்து நாளில் ஐந்து தடவை போட்டால் கணினியே அதைச் சேர்த்துக் காட்டும். அப்போது அது "எல்லையைத் தெரிந்துகொண்டு ஒளிக்கிறார்" என்ற வேறு வகை அறிக்கையாகப் போகும், அதற்குத் தொகை எல்லை எதுவும் கிடையாது. நல்ல காசைக் கெட்ட காசு மாதிரிக் காட்டுவதற்கு இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. மாமாவுக்கும் சொல்லிவையுங்கள்.

வெள்ளவத்தைத் தம்பி, ஒரேயடியாகப் போட்டது நல்லது. கடிதம் மட்டும் போதாது.

முதலில் இதை யார் படிக்கிறார் என்று யோசியுங்கள். கிளை முகாமையாளர் உங்கள் முகத்தைப் பார்த்திருப்பார். அவர் அதைத் தலைமைக் காரியாலயத்துக்கு அனுப்புவார். அங்கே இருக்கும் பிள்ளைக்கு உங்களையும் தெரியாது, கோண்டாவிலையும் தெரியாது, மேசையில் இன்னும் முப்பது கோப்பு கிடக்கும். அந்தப் பிள்ளை கல்குலேட்டரை எடுத்து உங்கள் கடிதத்திலுள்ள தொகைகளைத் தட்டிப் பார்க்கும். கடைசியில் 40,50,000 வந்தால் கோப்பை மூடும், வராவிட்டால் திரும்ப உங்களைக் கூப்பிடுவார்கள். நீங்கள் எழுதியதில் தட்டிப் பார்க்க ஒரு இலக்கம்கூட இல்லை. "நேர்மையான வழி" என்று எல்லாரும் எழுதுவார்கள், அதை யாரும் வாசிப்பதில்லை.

உங்கள் கதையில் நாலு ஓட்டை இருக்கிறது. விற்றது அம்மா, போட்டது நீங்கள். விற்றது ஆகஸ்ட் 6, போட்டது செப்டெம்பர் 11, நடுவில் ஐந்து கிழமை காசு எங்கே இருந்தது? விலை 48, போட்டது 40.5, மிச்சம் எங்கே? ஸ்லிப்பில் சேமிப்பு, கடிதத்தில் காணி. நாலையும் நாலு வசனத்தில் அடைக்கலாம், ஒவ்வொரு வசனத்துக்கும் பின்னால் ஒரு தாள் இருக்க வேண்டும். உறுதி உங்கள் கையில் இருக்கிறதா?

வெள்ளவத்தைக்காரன்

ஐயா, மிக்க நன்றி. உறுதியை வாங்கியவர் கொண்டு போய்விட்டார். போனில் எடுத்த படம் இருக்கிறது, முதல் பக்கம் மட்டும்.

உறுதி எழுதும் அக்கா

நான் நொத்தாரிசு ஒருவரிடம் உறுதி தட்டச்சு செய்கிறேன், இதில் நான் சொல்லலாம். விற்றவர் கையில் மூல உறுதி இருக்காது, அது வாங்கியவருக்குப் போகிற பொருள். ஆனால் நொத்தாரிசு தன்னிடம் ஒன்று வைத்திருப்பார், இன்னொன்று காணிப் பதிவகத்துக்குப் போகும். நொத்தாரிசிடம் கேட்டால் உண்மைப் பிரதி என்று கையெழுத்தும் முத்திரையும் வைத்துத் தருவார். போன் படத்தை அச்செடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

முதல் பக்கத்தைவிட முக்கியமானது கடைசிப் பக்கம். அங்கே நொத்தாரிசின் அத்தாட்சி இருக்கும். விலைப்பணம் எப்படிக் கொடுபட்டது என்று அதில் எழுதியே ஆக வேண்டும்: தன் கண் முன்னால் காசாகக் கொடுத்தார்களா, காசோலையா, இல்லை முன்னமே வாங்கிவிட்டதாக விற்றவர் ஒப்புக்கொண்டாரா என்று. உங்களுக்கு வாய்த்தது அனேகமாக "ஐந்து இலட்சம் முன்னரே பெறப்பட்டது, மிகுதி நாற்பத்து மூன்று இலட்சம் எனது முன்னிலையில் காசாகக் கொடுக்கப்பட்டது" என்ற மாதிரி இருக்கும். அப்படி இருந்தால் உங்களுக்கு வேறு சாட்சியே தேவையில்லை, காசு கைமாறியதைச் சட்டத்தரணி ஒருவர் பார்த்ததாக எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறார். முதலில் அந்தப் பக்கத்தை வாசியுங்கள். சில இடங்களில் உண்மையில் முன்னால் எண்ணிக் கொடுத்திருப்பார்கள், தட்டச்சுக்காரர் பழைய உறுதியைப் பார்த்து "முன்னரே பெறப்பட்டது" என்று முழுவதற்கும் அடித்துவிடுவார். நானே ஒருமுறை அடித்துப் பேச்சு வாங்கியிருக்கிறேன்.

செட்டியார் தெரு

கடன் எடுப்பதற்கா இந்தக் கடிதம்? கடனுக்கு என்றால் சம்பளச் சீட்டும் ஆறு மாதக் கணக்குக் கூற்றும் வேண்டும், காணி எல்லாம் தேவைப்படாது.

வெள்ளவத்தைக்காரன்

இல்லை அண்ணா, கடன் இல்லை, நான் போட்ட காசுக்கு விளக்கம்.

செட்டியார் தெரு

ஓ, சரி சரி. அப்படியென்றால் என் கதையையும் சொல்கிறேன். போன வருடம் மனைவியின் பழைய நகையை விற்று 14 இலட்சம் போட்டேன். நான் நகைக்கடையில் வேலை செய்பவன், எங்கள் கடையிலேயே விற்றேன், பில்லும் இருந்தது. அப்படியிருந்தும் நகை முதலில் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். கலியாணத்துக்குப் போட்ட நகைக்கு 22 வருடத்துக்குப் பிறகு எவர் பில் வைத்திருப்பார்? கடைசியில் கலியாணப் படம் கொண்டு போய்க் காட்டினேன். கழுத்தில் அந்த ஆரம் தெளிவாகத் தெரிந்தது. அந்த அதிகாரி சிரித்துவிட்டு ஒரு பிரதி எடுத்துக்கொண்டார். சட்டப்படி அது செல்லுமா என்று எனக்குத் தெரியாது, அதற்குப் பிறகு ஒருவரும் கூப்பிடவில்லை.

பழைய கவுண்டர்

செட்டியார் தெருத் தம்பி சொன்னதில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. விற்ற பில் காசு எங்கிருந்து வந்தது என்று சொல்லும், அந்தப் பொருள் உங்களிடம் எப்படி வந்தது என்பதைச் சொல்லாது. காணிக்கும் அதேதான். அம்மாவுக்கு அந்தக் காணி எப்படி வந்தது?

வெள்ளவத்தைக்காரன்

சீதனம். 1984 சீதன உறுதி, அம்மம்மா எழுதிக் கொடுத்தது. போட்டோப் பிரதி இருக்கிறது.

பழைய கவுண்டர்

அது போதும். கேட்பதற்கு முன்னமே அதையும் வையுங்கள், ஒரு தாள்தானே. 1984 சீதனம் என்று கண்டதும் அந்தக் கேள்வி முடிந்துவிடும்.

இப்போது ஓட்டைகள். நான் கேட்ட ஐந்து கிழமைக்கு இன்னும் பதில் வரவில்லை, ஆனால் உங்களிடம் நல்ல தாள் ஒன்று இருக்கிறது: ஆஸ்பத்திரி பில். அது 1,54,000 எங்கே போனது என்று சொல்கிறது, அதோடு ஆகஸ்ட் கடைசியில் அம்மா ஒப்பரேஷனில் இருந்ததால் காசு அலுமாரியில் கிடந்தது என்றும் சொல்கிறது. பில்லில் திகதி இருக்கும் பக்கம் தெரிய வேண்டும். தரகரிடம் ஒரு துண்டு எழுதி வாங்குங்கள், பெயர், அடையாள அட்டை இலக்கம், தொகை, எந்தக் காணி, கையெழுத்து. தரமாட்டேன் என்றால் விடுங்கள், 96,000 க்கு ஒருவரும் சண்டை பிடிக்கமாட்டார்கள், கடிதத்தில் மட்டும் எழுதுங்கள்.

அம்மாவுக்கும் உங்களுக்கும் இடையில்தான் வேலை இருக்கிறது. இது அம்மாவின் காசு. உங்களுக்குத் தந்தது அன்பளிப்பா, கடனா, அம்மாவுக்காக நீங்கள் வைத்திருக்கிறீர்களா? மூன்றும் வேறு வேறு, ஒன்றைச் சொல்ல வேண்டும். ஃபிளாட் உங்கள் பெயரில் என்றால் அன்பளிப்பு. அம்மா கையெழுத்திட்ட அரைப் பக்கக் கூற்று, உங்கள் பிறப்புச் சான்றிதழ், இருவரின் அடையாள அட்டை.

ஸ்லிப்பில் எழுதியதைப் பற்றி ஒளிக்காதீர்கள். அந்த ஸ்லிப் ஏற்கனவே கோப்பில் இருக்கிறது. "வைப்புச் சீட்டில் சேமிப்பு என அவசரத்தில் எழுதியது எனது தவறு, சரியான மூலம் காணி விற்பனை" என்று ஒரே வசனம். நான் பார்த்த கோப்புகளில் தன் தவறைத் தானே சொன்னவரைத் திரும்பக் கூப்பிட்டது குறைவு.

தெஹிவளை ராணி

இங்கே எழுதலாமா தெரியவில்லை, எழுதிவிடுகிறேன். எங்களுடையதும் காணிதான், ஆனால் உறுதியில் 30 இலட்சம், உண்மையில் வாங்கியது 52. முத்திரை வரி கூடும் என்று வாங்கியவர் குறைத்து எழுதச் சொன்னார், ஊரில் எல்லாரும் செய்வதுதானே என்று இவரும் தலையாட்டிவிட்டார். 52 இலட்சமும் இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. 30 ஐ மட்டும் போட்டுவிட்டு மிச்சத்தைச் சீட்டுக் காசு என்று எழுதலாமா?

பழைய கவுண்டர்

தங்கச்சி, எழுதாதீர்கள். சீட்டுக் காசு என்றால் சீட்டு நடத்தியவர் யார், எத்தனை பேர், மாதம் எவ்வளவு, எப்போது எடுத்தீர்கள் என்று வரும். ஒரு பொய்யைக் காப்பாற்றப் பத்துத் தாள் தயாரிக்க வேண்டி வரும். அதற்குப் பிறகு அது கவனக்குறைவு இல்லை, பொய்யான தகவல் கொடுத்த குற்றம்.

உண்மையைச் சொன்னாலும் சிக்கல்தான், அதை மறைக்கவில்லை. "உறுதியில் 30, வாங்கியது 52" என்று வங்கிக்கு எழுதினால் முத்திரை வரி குறைத்துக் கட்டியதை நீங்களே எழுத்தில் ஒப்புக்கொள்கிறீர்கள். அதனால் கடிதத்தை விட்டுவிட்டு முதலில் சட்டத்தரணியிடம் போங்கள், உறுதி எழுதியவரிடம் இல்லாமல் வேறொருவரிடம்.

உறுதி எழுதும் அக்கா

ராணி அக்கா, திருத்த உறுதி எழுதி, வித்தியாசத்துக்கு முத்திரை வரி கட்டிச் சரி செய்தவர்களை நான் கண்டிருக்கிறேன். இந்த வரி மாகாணத்துக்குப் போவது, முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 22 இலட்சம் வித்தியாசத்துக்கு 88,000 தான். அந்த 88,000 க்காகத்தான் இவ்வளவும். ஆனால் வாங்கியவரும் வந்து கையெழுத்து வைக்க வேண்டும், அவர் சம்மதிப்பாரா என்பதுதான் கேள்வி.

தெஹிவளை ராணி

அவர் சுவிஸ் போய்விட்டார்.

பழைய கவுண்டர்

அங்கிருந்து அற்றோணித் தத்துவம் அனுப்பலாம், மனம் இருந்தால். இல்லாவிட்டால் என்ன வழி என்று எனக்கும் ஒரு பதில் இல்லை. நான் இருந்த இடத்தில் இப்படி வந்த இரண்டு கோப்பில் ஒன்று சும்மா மூடப்பட்டது, மற்றது மூடப்படவில்லை. ஏன் என்று கிளைக்குச் சொல்லவே மாட்டார்கள்.

கனடா மாமா

என்னையும் போன தடவை கேட்டார்கள். நான் கையில் 9,000 டொலர் கொண்டு வந்து மாற்றினேன். 15,000 அமெரிக்க டொலருக்கு மேலே கொண்டு வந்தால்தான் கட்டுநாயக்காவில் சுங்கத்துக்குச் சொல்ல வேண்டும், நான் அதற்குக் கீழே, அதனால் தாள் ஒன்றும் இல்லை. வங்கியில் கேட்டதும் நான் சத்தம் போட்டேன், வெளிநாட்டுக் காசு வேண்டாம் என்றால் கொண்டு வரமாட்டோம் என்று. விட்டுவிட்டார்கள். நீயும் கொஞ்சம் சத்தமாகப் பேசு தம்பி.

பழைய கவுண்டர்

அண்ணா, விட்டது சத்தத்துக்காக இல்லை. மாற்றிய ரசீதும் கடவுச்சீட்டில் வந்திறங்கிய முத்திரையும் இருந்தால் அவர்களுக்கு அதுவே போதும். அடுத்த தடவை பத்திரமாக வைத்திருங்கள்.

கொட்டாஞ்சேனை பொடியன்

ஐயா, ஒரு கேள்வி. ஏற்கனவே அறிக்கை போய்விட்டதா என்று வங்கியில் கேட்டால் சொல்வார்களா?

பழைய கவுண்டர்

பத்து இலட்ச அறிக்கை போயிருக்கும், அது எல்லாருக்கும். சந்தேக அறிக்கை போனதா என்று கேட்காதீர்கள். அதை வாடிக்கையாளருக்குச் சொன்னால் சொன்ன அதிகாரிக்குத்தான் குற்றம். முகத்தைத் திருப்பிக்கொண்டு "தெரியாது" என்பார், அது மரியாதைக் குறைவு இல்லை, பயம்.

வெள்ளவத்தைக்காரன்

நொத்தாரிசிடம் பிரதி வந்துவிட்டது. அக்கா சொன்ன மாதிரியே கடைசிப் பக்கத்தில் ஐந்து முன்னரே, நாற்பத்து மூன்று முன்னிலையில் என்று இருக்கிறது! திருத்தி எழுதினேன், பார்த்துச் சொல்லுங்கள்.

"முகாமையாளர், வெள்ளவத்தைக் கிளை.

பொருள்: கணக்கு இலக்கம் (….) இல் செப்டெம்பர் 11 அன்று காசாக வைப்புச் செய்த ரூபா 40,50,000 இன் மூலம்.

மேற்படி பணம் எனது தாயார் (பெயர், அடையாள அட்டை இலக்கம்) கோண்டாவிலில் தமக்குச் சொந்தமான 2 பரப்புக் காணியை விற்றதால் கிடைத்தது. அக்காணி 1984 ஆம் ஆண்டின் சீதன உறுதி மூலம் அவருக்கு வந்தது (இணைப்பு 1). ஆகஸ்ட் 6 அன்று (….) இலக்க உறுதி மூலம் ரூபா 48,00,000 க்கு விற்கப்பட்டது (இணைப்பு 2, விலைப்பணம் பற்றிய அத்தாட்சி கடைசிப் பக்கத்தில்).

ரூபா 5,00,000 முற்பணம் ஜூலையில் பெறப்பட்டுத் தாயாரின் சொந்தக் கணக்கில் வைப்புச் செய்யப்பட்டது (இணைப்பு 3). மிகுதி ரூபா 43,00,000 உறுதி கையெழுத்தான அன்று நொத்தாரிசு முன்னிலையில் காசாகப் பெறப்பட்டது. அதிலிருந்து தரகாக ரூபா 96,000 (இணைப்பு 4), தாயாரின் கண் சத்திரசிகிச்சைக்கு ரூபா 1,54,000 (இணைப்பு 5) செலவாயின. மீதி ரூபா 40,50,000.

சத்திரசிகிச்சையும் அதன் பின் ஓய்வும் காரணமாக இப்பணம் செப்டெம்பர் 9 வரை தாயாரின் வீட்டில் இருந்தது. செப்டெம்பர் 10 இரவு நான் அதைக் கொழும்புக்குக் கொண்டு வந்து மறுநாள் வைப்புச் செய்தேன்.

தாயார் இப்பணத்தை வீடு வாங்குவதற்காக எனக்கு அன்பளிப்பாகத் தந்துள்ளார் (இணைப்பு 6, அவரது கூற்று. இணைப்பு 7, எனது பிறப்புச் சான்றிதழும் இருவரின் அடையாள அட்டைப் பிரதிகளும்). வைப்புச் சீட்டில் பணத்தின் மூலம் சேமிப்பு என அவசரத்தில் எழுதியது எனது தவறு.

மூலப் பிரதிகளைக் கேட்கும்போது காட்ட ஆயத்தமாக உள்ளேன்."

பழைய கவுண்டர்

கல்குலேட்டர் தட்டினேன், வருகிறது. இரண்டு திருத்தம். "மூலப் பிரதிகளைக் காட்ட" என்று எழுதாதீர்கள், உறுதியின் மூலம் உங்களிடம் இல்லையே. "என்னிடமுள்ள மூல ஆவணங்களை" என்று மாற்றுங்கள். அடுத்தது, 9 வரை வீட்டில், 10 இரவு கொழும்புக்கு என்றால் நடுவில் ஒரு நாள் எங்கே? இப்படித்தான் ஆட்கள் மாட்டுவது.

வெள்ளவத்தைக்காரன்

ஐயோ, 10 ஆம் திகதிதான் ஐயா, பிழையாக அடித்துவிட்டேன். "செப்டெம்பர் 10 வரை" என்று மாற்றுகிறேன்.

உறுதி எழுதும் அக்கா

மொழியை ஒருவரும் சொல்லவில்லையே. உறுதி தமிழில், கடிதம் தமிழில். வெள்ளவத்தைக் கிளையில் தமிழ் வாசிப்பவர் இருப்பார், தலைமைக் காரியாலயத்தில் அந்தக் கோப்பைப் பார்ப்பவர்? கடிதத்தை ஆங்கிலத்திலும் ஒன்று வையுங்கள். உறுதிக்கு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போனால் பக்கக் கணக்கில் காசு, நாலெல்லை, அட்டவணை என்று எல்லாவற்றையும் மொழிபெயர்த்துத் தருவார். விலை வரும் பக்கமும் அத்தாட்சிப் பக்கமும் மட்டும் போதுமா என்று முகாமையாளரிடம் முதலில் கேளுங்கள். சிலர் போதும் என்பார்கள்.

செட்டியார் தெரு

வாங்கியவர் அந்த 43 ஐத் தன் வங்கியில் இருந்துதானே எடுத்திருப்பார்? அவருடைய புத்தகத்தில் அந்தப் பக்கத்தைக் கேட்டால் என்ன?

பழைய கவுண்டர்

கிடைத்தால் அதைவிட நல்ல தாள் இல்லை, அந்தக் காசு இன்னொரு வங்கியிலிருந்து வந்தது என்று ஆகிவிடும். ஆனால் தன் கணக்கை ஊரார் பார்க்க யாருக்கு விருப்பம்? ஒருமுறை கேட்டுப் பாருங்கள், மற்ற வரிகளை மறைத்துத் தரலாம் என்று சொல்லுங்கள். வற்புறுத்த வேண்டாம்.

இன்னொன்று, கடிதத்தோடு சம்பந்தமில்லாதது. காணி விற்றால் மூலதன ஆதாய வரி இருக்கிறது, விற்று ஒரு மாதத்துக்குள் இறைவரித் திணைக்களத்துக்குப் படிவம் கொடுக்க வேண்டும். வங்கிக் கடிதம் அதற்குப் பதிலாகாது. 2017 செப்டெம்பர் 30 க்கு முன்னமே இருந்த காணி என்றபடியால் 1984 விலையைப் பார்க்கமாட்டார்கள், அந்தத் திகதியில் இருந்த சந்தை விலையை எடுத்துத்தான் லாபத்தைக் கணக்கிடுவார்கள். அதனால் பெரும்பாலும் பயந்த அளவுக்கு வராது. அந்தத் திகதிக்கு ஒரு மதிப்பீட்டு அறிக்கை எடுங்கள்.

வெள்ளவத்தைக்காரன்

ஒரு மாதம் முடிந்துவிட்டதே ஐயா.

பழைய கவுண்டர்

அப்படியென்றால் நாளைக்கே ஒரு கணக்காளரைப் பாருங்கள். நான் வங்கிக்காரன், அதற்கு மேல் சொன்னால் நானும் கொட்டாஞ்சேனைத் தம்பி மாதிரி ஆகிவிடுவேன்.

கொட்டாஞ்சேனை பொடியன்

ஐயா!! 😄

வெள்ளவத்தைக்காரன்

எட்டு நாளுக்குப் பிறகு வருகிறேன், என்ன நடந்தது என்று சொல்ல. தமிழிலும் ஆங்கிலத்திலும் கடிதம், உறுதியில் இரண்டு பக்கம் மட்டும் மொழிபெயர்ப்பு (முகாமையாளர் போதும் என்றார்), இணைப்புகளின் மூலையில் பென்சிலால் இலக்கம் போட்டு ஒரு கோப்பில் கொடுத்தேன். என் பிரதியில் கிடைத்தது என்று திகதியோடு முத்திரை கேட்டேன், முதலில் பார்த்த பார்வை சரியில்லை, பிறகு வைத்துத் தந்தார்கள். தரகரும் துண்டு தந்துவிட்டார். வாங்கியவர் புத்தகப் பக்கம் தருகிறேன் என்றார், இன்னும் வரவில்லை. கணக்காளர் தாமதத்துக்குக் காரணம் எழுதிப் படிவம் அனுப்பச் சொல்லியிருக்கிறார், தண்டம் வருமா என்று பார்க்க வேண்டும்.

சிக்கியது நாங்கள் ஒருவரும் நினைக்காத இடத்தில். அம்மாவின் அன்பளிப்புக் கூற்றை கூரியரில் எடுப்பித்தேன். அந்த அதிகாரி உறுதியின் பிரதியையும் கூற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் காட்டினார். உறுதியில் அம்மாவின் கையெழுத்து நேர்கோடு மாதிரி, கூற்றில் எழுத்தெல்லாம் மேலும் கீழுமாக ஏறி இறங்கி, கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே. ஒப்பரேஷனுக்கு முன்னும் பின்னும் போட்ட கையெழுத்துகள், கண்ணாடி இன்னும் வரவில்லை என்று சொன்னேன். அவர் நம்பினார் என்றே நினைக்கிறேன், ஆனாலும் அம்மா நேரே வந்து தன் முன்னால் கையெழுத்து வைக்க வேண்டும் என்கிறார்.

பழைய கவுண்டர்

அதை நான் முன்னமே சொல்லியிருக்க வேண்டும் தம்பி. சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசியாக முடித்திருந்தால் அம்மாவுக்கு அலைச்சல் இல்லை. யாழ்ப்பாணத்தில் அதே வங்கியின் கிளை இருந்தால், அங்கே கையெழுத்து வைத்து அந்தக் கிளை உறுதிப்படுத்தி அனுப்பலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

வெள்ளவத்தைக்காரன்

கேட்டேன், அதற்கும் சரி என்றார்கள். ஆனால் அம்மாவுக்குச் சொன்னதும் "ஃபிளாட்டையும் ஒருக்கால் பார்ப்பம்" என்று வெள்ளிக்கிழமை யாழ்தேவிக்கு டிக்கெட் போடச் சொல்லிவிட்டார்.